என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று கேட்காதீர்கள்

கேள்வி: நான் உயர்நிலை மூன்றில் படிக்கிறேன். நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ‘சிங்கப்பூரில் நேர்த்திக்கடன்’ என்ற தலைப்பில் தமிழ்ப் பாடத்துக்குத் திட்டப்பணி செய்கிறோம். வெள்ளிக்கிழமை மாலை கோயிலுக்குப் போய்ப் பத்துப் பேரைப் பேட்டி எடுக்கப் போகிறோம். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கி, பெயரை மாற்றிப் போட்டால் போதும்தானே? கேட்கக்கூடாத கேள்வி ஏதாவது இருக்கிறதா? ஒரு சரிபார்ப்புப் பட்டியலும் தந்தால் உதவியாக இருக்கும்.

போதாது. ஏன் போதாது என்பதை நான் கற்றுக்கொண்டது என் மாணவர்களின் தவற்றிலிருந்து. அதில் என் பங்கும் உண்டு.

பல ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்தேன். இப்போது ஒரு கோயிலில் தொண்டூழியம் செய்கிறேன். ஆசிரியராக இருந்தபோது உங்களைப் போலவே ஒரு குழு நேர்த்திக்கடனைத் தலைப்பாக எடுத்தது. துர்க்கை சன்னதியில் எலுமிச்சை விளக்கு ஏற்றிக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் பேசினார்கள். அவர் அன்பாகப் பதில் சொன்னார், படிவத்திலும் கையெழுத்துப் போட்டார். மகளுக்கு வரன் அமைந்து அமைந்து தட்டிப்போகிறது என்றும், அதற்காகத்தான் வாரந்தோறும் வருகிறார் என்றும் சொன்னார். மாணவர்கள் விதிப்படி அவருடைய பெயரை மாற்றினார்கள். முகம் தெரியாமல், விளக்கேற்றும் கைகளை மட்டும் படம் எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருப்பதாக நினைத்து நானும் ஒப்புக்கொண்டேன்.

வகுப்பில் அந்தப் படம் திரையில் வந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி, “அது எங்கள் பெரியம்மாவின் வளையல்” என்றாள். அடுத்த வரியில், பெரியம்மா மகளின் திருமணப் பேச்சு முறிந்த கதை பெரிய எழுத்தில் இருந்தது. அந்த அக்காவுக்கு அப்போது இருபத்தெட்டு வயதிருக்கும். அவரிடம் யாருமே எதுவும் கேட்கவில்லை. அம்மா கையெழுத்துப் போட்டார், உண்மைதான். ஆனால் வெளியே வந்தது மகளின் கதை.

உங்கள் தலைப்பின் சிக்கல் முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. உணவையோ உடையையோ பற்றிய திட்டப்பணியில் ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்வார். நேர்த்திக்கடனில் பெரும்பாலும் இன்னொருவரைப் பற்றிச் சொல்வார். பிள்ளையின் படிப்பு, கணவரின் குடிப்பழக்கம், மருமகளுக்குக் குழந்தை இல்லாதது, தம்பியின் கடன், அப்பாவின் அறுவை சிகிச்சை என்று எதை எடுத்தாலும் அதற்கு உரியவர் அங்கே நிற்கவில்லை. நிற்காதவரிடம் நீங்கள் ஒப்புதல் வாங்கவும் முடியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பல வழிபாடுகளில் செயலே காரணத்தைச் சொல்லிவிடும். மரத்தில் தொட்டில் கட்டுகிறவர் எதற்காகக் கட்டுகிறார் என்பதைத் தமிழ் தெரிந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆகவே, “காரணத்தை நாங்கள் எழுதவில்லை, தொட்டில் கட்டியதை மட்டும்தான் எழுதினோம்” என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அர்ச்சனையும் அப்படித்தான். அர்ச்சகர் வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் பெயரையும் நட்சத்திரத்தையும் உரக்கச் சொல்லுவார். பக்கத்தில் நிற்கிற உங்கள் காதிலும் விழும். அதற்காக அது உங்கள் குறிப்பேட்டுக்கு வந்துவிடக் கூடாது.

ஆகையால் கேட்கக்கூடாத முதல் கேள்வி, “என்ன வேண்டிக்கொண்டீர்கள்?” வேண்டுதலை வெளியே சொல்லக்கூடாது என்ற நம்பிக்கை நம்மில் பலருக்கு உண்டு. அந்தக் கேள்வியைக் கேட்டால் ஒன்று அவர் நம்பிக்கையை மீற வேண்டும், அல்லது பள்ளிப் பிள்ளையிடம் பொய் சொல்ல வேண்டும். சாமி முன்னால் அவரை ஏன் அந்த நிலையில் நிறுத்த வேண்டும்? அதைக் கேட்காமலேயே உங்கள் திட்டப்பணி நன்றாக வரும். என்னைக் கேட்டால், இன்னும் நன்றாக வரும். ‘என்ன’ என்பதை விட்டுவிட்டு ‘எப்படி’ என்று கேளுங்கள். “பால்குடம் எடுப்பதற்கு எத்தனை நாள் விரதம் இருப்பீர்கள்? அந்த நாள்களில் வேலைக்குப் போவதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? உங்கள் அம்மா காலத்தில் இதை எப்படிச் செய்தார்கள்? ஊரில் செய்வதற்கும் இங்கே செய்வதற்கும் என்ன வித்தியாசம்?” இவற்றுக்கெல்லாம் மனிதர்கள் மணிக்கணக்கில் பதில் சொல்லுவார்கள். பன்னிரண்டு மணி நேர வேலை முடித்து, தாதி உடையை மாற்றிக்கொண்டு, விரதச் சாப்பாட்டைத் தானே சமைத்த கதை வந்தால் அதுதான் சிங்கப்பூர் நேர்த்திக்கடன். தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரை நடக்கிற அந்த வழியைப் பற்றிக் கேளுங்கள். எந்த இடத்தில் கால் தளரும், யார் தண்ணீர் கொடுப்பார்கள் என்று சொல்லச் சொல்லுங்கள்.

அவராகவே காரணத்தைச் சொல்லத் தொடங்கினால்? கேளுங்கள், குறுக்கே பேசாதீர்கள். பதிவு ஓடிக்கொண்டிருந்தால் மட்டும், “அம்மா, இந்தப் பகுதியை நாங்கள் எழுத மாட்டோம். பதிவை நிறுத்தட்டுமா?” என்று கேளுங்கள். மனிதர் மனம் திறப்பதும் திட்டப்பணிக்குத் தகவல் தருவதும் ஒன்றல்ல. சாதி, வருமானம், “ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை”, பெண்களிடம் மாதவிலக்கு நாள் விரதம் ஆகியவை பற்றியும் கேட்காதீர்கள். இவற்றுக்கு விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

இனி அனுமதி. இதில் இரண்டு அடுக்கு உண்டு, ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. முதலாவது கோயில் நிர்வாகத்தின் அனுமதி. ஸ்ரீ மாரியம்மன், ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள், ஸ்ரீ சிவன், ஸ்ரீ வைராவிமட காளியம்மன் ஆகிய நான்கு கோயில்களும் இந்து அறக்கட்டளை வாரியத்தின் கீழ் இருக்கின்றன. மற்றவற்றுக்குத் தனித்தனி நிர்வாகக் குழுக்கள் உண்டு. எந்தக் கோயிலோ அதன் அலுவலகத்துக்கு உங்கள் ஆசிரியரின் பெயரில் மின்னஞ்சல் போக வேண்டும். எத்தனை மாணவர்கள், எந்த நாள், எத்தனை மணிக்கு, எங்கே நின்று பேசுவீர்கள், படம் எடுப்பீர்களா, கேள்விகள் என்னென்ன ஆகிய எல்லாவற்றையும் எழுதுங்கள். இரண்டு வாரமாவது முன்னதாக அனுப்புங்கள். நிர்வாகம் சரி என்று சொன்னால், வளாகத்தில் நிற்க உங்களுக்கு இடம் கிடைத்திருக்கிறது என்பதுதான் பொருள். பக்தர்கள் உங்களோடு பேச வேண்டும் என்று யாரும் உத்தரவு போடவில்லை. “ஆபீஸில் அனுமதி வாங்கிவிட்டோம் அக்கா” என்று தொடங்குகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டதும் எதிரில் இருப்பவருக்கு மறுக்கும் உரிமை போய்விட்டது போலத் தோன்றும். அதைச் சொல்லாதீர்கள்.

இரண்டாவது, ஒவ்வொரு மனிதரின் ஒப்புதல். வெள்ளிக்கிழமை மாலை இதற்கு ஆக மோசமான நேரம். கூட்டம் அதிகம், வருகிறவர்கள் வேலையிலிருந்து நேராக வருகிறார்கள், தீபாராதனைக்கு முன் சன்னதிக்குப் போய்விட வேண்டும் என்ற அவசரத்தில் இருக்கிறார்கள். கையில் அர்ச்சனைத் தட்டு இருப்பவரை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். வழிபாடு முடித்து, பிரகாரம் சுற்றி வந்து உட்கார்ந்தவர்களை அணுகலாம். அதைவிட நல்ல இடம் அன்னதானம் முடிந்து கை கழுவிவிட்டுச் செருப்பு மாட்ட வருகிற இடம். அங்கே அவர்களுக்கு ஓய்வும் இருக்கும், வேண்டாம் என்றால் நடந்து போய்விட வழியும் இருக்கும். நான்கு பேரும் ஒருவரைச் சூழ்ந்துகொள்ளாதீர்கள், இருவர் போதும். ஒருவர் பேசட்டும், மற்றவர் எழுதட்டும்.

முதல் அரை நிமிடத்தில் நீங்கள் சொல்வதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பது இதுதான்: “வணக்கம் அம்மா. நாங்கள் உயர்நிலை மூன்று மாணவர்கள். தமிழ்ப் பாடத்துக்காக நேர்த்திக்கடன் பற்றி எழுதுகிறோம். இருபது நிமிடம் பேச முடியுமா? என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று கேட்க மாட்டோம், எப்படிச் செய்கிறீர்கள் என்றுதான் கேட்போம். எங்கள் வகுப்பில் நாற்பது பேரும் ஆசிரியரும் பார்ப்பார்கள். உங்கள் பெயர் இருக்காது. பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம், நடுவில் நிறுத்திக்கொள்ளலாம். இப்போது முடியாது என்றாலும் பரவாயில்லை அம்மா.” கடைசி வாக்கியத்தைச் சொல்லிவிட்டு ஒரு நொடி வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். அந்த நொடிதான் அவர் முடிவெடுக்கிற நேரம்.

நம்மவர்கள் ‘முடியாது’ என்று சொல்லுவது அபூர்வம். “எனக்கு என்ன தெரியும், சாமி கும்பிட வந்தேன்”, “அப்புறம் பார்க்கலாம்”, “அதோ அந்த ஐயாவைக் கேளுங்கள், அவருக்கு நிறையத் தெரியும்” என்பார்கள். சிரித்துக்கொண்டே கைப்பையைத் தோளில் ஏற்றுவார்கள். எல்லாமே ‘முடியாது’தான். நன்றி சொல்லி விலகுங்கள், வற்புறுத்தாதீர்கள். பேச்சுக்கு நடுவிலும் இது நடக்கும். இரண்டு வரியில் பதில் சொல்லிக்கொண்டிருந்தவர் திடீரென்று “ம்”, “ஆமாம்” என்று சுருங்கினால் ஏதோ ஒரு கேள்வி அவரைத் தொட்டுவிட்டது என்று அறிந்துகொள்ளுங்கள். கேள்வியை மாற்றுங்கள், அல்லது அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள்.

படிவத்தைப் பற்றிக் கேட்டீர்கள். பள்ளி கேட்டால் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது, தமிழில் இருக்க வேண்டும், வாசித்துக் காட்ட வேண்டும். கண்ணாடி கொண்டுவராத பாட்டி வாசிக்காமலேயே கையெழுத்துப் போடுவார். அதை ஒப்புதல் என்று சொல்ல எனக்கு மனம் வராது. வெளிநாட்டு ஊழியர்களிடம் இன்னும் கவனம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வரும் ஓர் அண்ணனுக்குப் பள்ளிச் சீருடையும், கழுத்தில் தொங்கும் அட்டையும், கையிலுள்ள படிவமும் அதிகாரத்தின் அடையாளமாகத் தோன்றலாம். மறுத்தால் ஏதாவது ஆகுமோ என்று நினைத்தே பேசுவார். எந்த நிறுவனம், எந்த விடுதி, எவ்வளவு சம்பளம் என்று அவரிடம் கேட்காதீர்கள். காகிதத்தில் கையெழுத்துப் போடத் தயங்குகிறவரிடம் வாய்மொழி ஒப்புதல் போதும். “நாள், நேரம், வாய்மொழியாகச் சம்மதித்தார்” என்று நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். இதை முன்கூட்டியே ஆசிரியரிடம் பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று உங்கள் குழுவில் யாராவது கேட்பார்கள். சிங்கப்பூரில் 2012ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் அது முக்கியமாக நிறுவனங்களுக்கானது. தனிப்பட்ட முறையில் செயல்படும் ஒருவரையும் அரசாங்க அமைப்புகளையும் அது கட்டுப்படுத்துவதில்லை. எனவே சட்டப்படி செய்யலாமா என்ற கேள்வி உங்களுக்கு அதிகம் உதவாது. என் மாணவர்களும் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. அந்தச் சட்டத்தின் கீழ் வந்த ஒரு விதியை மட்டும் நீங்களும் பின்பற்றலாம். 2019 செப்டம்பர் முதல், சட்டம் கேட்டாலோ அடையாளத்தை உறுதி செய்வது இன்றியமையாததாக இருந்தாலோ தவிர, நிறுவனங்கள்கூட அடையாள அட்டை எண்ணைச் சேகரிக்கக் கூடாது. பள்ளித் திட்டப்பணிக்கு அது எதற்கு? தொலைபேசி எண்ணும் வேண்டாம்.

படம் எடுப்பதைப் பற்றிய என் கருத்து கண்டிப்பானது: மனிதர்கள் இல்லாத படம் எடுங்கள். விளக்கு, பால்குடம், கொடிமரம், செருப்புகள் போதும். கையையும் எடுக்காதீர்கள், வளையல் கதையைச் சொல்லிவிட்டேன். தைப்பூசத்தன்று காவடி எடுப்பவரை ஆயிரம் பேர் படம் எடுக்கிறார்களே என்று கேட்கலாம். ஊர்வலத்தில் நடப்பது ஊர் பார்க்கிற நிகழ்ச்சி. ஆனால் அந்தப் படத்தின் கீழே அவர் ஏன் அலகு குத்திக்கொண்டார் என்று நீங்கள் எழுதும்போது அது வேறொன்றாக மாறிவிடுகிறது.

பெயரை மாற்றினால் போதாது என்று சொன்னேன். எப்படி மாற்றுவது என்று ஓர் எடுத்துக்காட்டு. உங்கள் குறிப்பில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: “ஈசூனில் வசிக்கும் 52 வயது தாதி, மூன்று ஆண்டுகளாகப் பால்குடம் எடுக்கிறார், கடைசி மகன் தேசிய சேவையில் இருக்கிறான்.” இதில் பெயரே இல்லை. ஆனாலும் அந்தக் கோயிலுக்கு வரும் பத்துப் பேருக்கு அவர் யாரென்று தெரிந்துவிடும். நம் சமூகம் சிறியது. ஊர், வயது, வேலை, குடும்பம், வழிபாடு ஆகிய ஐந்தில் மூன்று சேர்ந்தாலே ஆள் வெளியே வந்துவிடுவார். நான் வைத்திருக்கும் கணக்கு இது: வழிபாட்டையும் இன்னொன்றையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், மற்றவற்றை எடுத்துவிடுங்கள். “சுழல்முறையில் வேலை செய்யும் ஒரு பெண், சில ஆண்டுகளாகப் பால்குடம் எடுக்கிறார்.” விரதத்தையும் வேலையையும் எப்படி ஒன்றாகச் சமாளிக்கிறார் என்று எழுத இது போதும். மகனைப் பற்றிய பேச்சு உங்களுக்குத் தேவையே இல்லை. எழுதி முடித்ததும், அந்தக் கோயிலுக்கு வழக்கமாகப் போகிற உங்கள் உறவினர் ஒருவர் இந்த வரியைப் படித்தால் யாரென்று சொல்லிவிடுவாரா என்று நினைத்துப் பாருங்கள். சொல்லிவிடுவார் என்று தோன்றினால் இன்னும் ஒன்றை எடுங்கள்.

ஒரு விதிவிலக்கு. பேச்சுக்கு நடுவே யாராவது தன்னை அடிக்கிறார்கள் என்றோ, வாழவே பிடிக்கவில்லை என்றோ சொன்னால் அதை உங்களுக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள். அன்றே ஆசிரியரிடம் சொல்லுங்கள், அவர் என்ன செய்வது என்று பார்ப்பார். இதனால்தான் தொடக்கத்தில் “யாரிடமும் சொல்ல மாட்டோம்” என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. “பெயர் போட மாட்டோம்” என்பதே நீங்கள் காப்பாற்றக்கூடிய வாக்கு.

நீங்கள் கேட்ட பட்டியல் இது. அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

போவதற்கு முன்:
□ ஆசிரியர் கேள்விகளைப் படித்துவிட்டாரா? ‘என்ன வேண்டுதல்’ என்பது வேறு வடிவில் எங்காவது ஒளிந்திருக்கிறதா?
□ கோயில் நிர்வாகத்தின் பதில் எழுத்தில் வந்துவிட்டதா? எந்த இடத்தில் நிற்கலாம் என்று சொல்லியிருக்கிறார்களா?
□ அன்று திருவிழா, சிறப்பு அபிஷேகம், திருமணம் எதுவும் இல்லையே?
□ நால்வரும் கோயிலுக்கு ஏற்ற உடையில் போகிறீர்களா? கைபேசி மௌனத்தில் இருக்கிறதா?

பேசும்போது:
□ அவர் வழிபாட்டை முடித்துவிட்டாரா?
□ யார் பார்ப்பார்கள், எவ்வளவு நேரம், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் ஆகிய மூன்றையும் சொன்னீர்களா?
□ ஒலிப்பதிவுக்குத் தனியாகக் கேட்டீர்களா? பேச ஒப்புக்கொண்டவர் பதிவுக்கும் ஒப்புக்கொண்டார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.
□ பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களை விட்டுவிட்டீர்களா? பெற்றோர் பக்கத்தில் இருந்தாலும் விட்டுவிடுங்கள்.
□ மனம் மாறினால் எந்தத் தேதிக்குள் சொல்லலாம் என்று, பள்ளி அலுவலகத்தின் எண்ணோடு ஒரு சீட்டுக் கொடுத்தீர்களா? உங்கள் சொந்த எண் வேண்டாம்.

திரும்பிய பிறகு:
□ ஒலிப்பதிவு ஒரே ஒருவரின் கருவியில் மட்டும் இருக்கிறதா? வாட்ஸ்அப் குழுவில் யாரும் போடவில்லையே?
□ எழுத்தில் இறக்கி முடித்ததும் ஒலிப்பதிவை அழித்தீர்களா? மதிப்பெண் வந்த பிறகு குறிப்புகளையும் அழிப்பது யார் பொறுப்பு?
□ அங்கே இல்லாத மூன்றாம் மனிதர் யாராவது உங்கள் பக்கங்களில் இருக்கிறாரா? இருந்தால் எடுத்துவிடுங்கள்.
□ ஒவ்வொருவரைப் பற்றியும் எத்தனை விவரம் மிஞ்சியிருக்கிறது என்று எண்ணினீர்களா?
□ படைப்பு வகுப்புக்கு வெளியே போகப் போகிறதா? போட்டிக்கோ இணையத்துக்கோ போவதானால் பேசியவர்களிடம் மறுபடியும் கேட்க வேண்டும். அவர்களைத் தேடிப் பிடிக்க முடியாவிட்டால் அவர்கள் சொன்னதை விட்டுவிட்டு அனுப்புங்கள்.

மசூதியிலோ தேவாலயத்திலோ பேட்டி எடுத்தாலும் இதே பட்டியல் பெரும்பாலும் பொருந்தும், நேரம்தான் மாறும். சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்திலேயே ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் இருக்கிறது. அங்கே வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை நேரத்தில் போய் நிற்காதீர்கள்.

பத்துப் பேர் என்பதையும் ஆசிரியரிடம் பேசி நான்காகக் குறைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேரைப் பிடிக்க வேண்டும் என்றால் ஆறாவது ஆளிலிருந்து நீங்கள் கெஞ்சத் தொடங்குவீர்கள், “அப்புறம் பார்க்கலாம்” என்று சொன்னவரின் பின்னாலேயே போவீர்கள். நான்கு பேரோடு ஆளுக்கு இருபது நிமிடம் பேசினால் போதும். முடிந்தால் அடுத்த வாரம் அதே நேரத்துக்குப் போய், அவர்கள் சொன்னதில் நீங்கள் எழுதியிருக்கும் வரிகளை வாசித்துக் காட்டுங்கள். “இந்த இடத்தில் நான் அப்படிச் சொல்லவில்லையே” என்று ஒருவராவது சொல்லுவார். அங்கேயே பேனாவை எடுத்துத் திருத்திக்கொள்ளுங்கள்.